அறுவடை இயந்திரத்தின் தேய்மானம்: வரியில் மிச்சமாவது உண்மையில் எவ்வளவு?

காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், மூன்று நான்கு விவசாயிகள் ஒன்றுகூடி அறுவடை இயந்திரம் ஒன்றை வாங்கி, தங்கள் நிலத்தை அறுத்துக்கொள்வதோடு அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாடகைக்கு விடுவது பரவியிருக்கிறது. இயந்திரம் விற்பவர் விலையைச் சொல்லும்போது, கூடவே ஒரு வாக்கையும் சொல்வது வழக்கம். "இருபது லட்சம் என்று மலைக்க வேண்டாம். தேய்மானம் எழுதினால் ஆறு லட்சம் ரூபாய் வரியிலேயே திரும்பி வந்துவிடும்" என்பார். இந்த வாக்கை நம்பி, நிகர விலை பதினான்கு லட்சம்தான் என்று வைத்து மணி வாடகையைத் தீர்மானிப்பவர்கள் பின்னால் கடன் தவணை கட்ட முடியாமல் திணறுகிறார்கள்.

ஆறு லட்சம் என்பது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தேய்மானம் யாருக்கு உதவும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆகவே சொந்த நிலத்தை மட்டும் அறுப்பதற்காக இயந்திரம் வாங்கும் விவசாயிக்குத் தேய்மானத்தால் மிச்சமாகும் வரி என்று எதுவும் இல்லை. கட்டாத வரியை மிச்சப்படுத்த இயலாது அல்லவா? இயந்திரத்தைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானம் தொழில் வருமானம். அதற்கு வரி உண்டு. அந்த வருமானத்திலிருந்துதான் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு விடும் தனி நபராக இருந்தாலும், வருமானம் சிறிதானால் பயன் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையைப் பின்பற்றிய தனி நபருக்கு, தொழில் வருமானம் போன்ற சாதாரண வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தள்ளுபடி போக வரி எதுவும் இல்லை. சின்ன அளவில் டிராக்டரையோ ரோட்டவேட்டரையோ வாடகைக்கு விடும் பெரும்பாலான விவசாயிகள் இந்த எல்லைக்குள்தான் வருவார்கள். இவர்களிடம் தேய்மானத்தைக் காட்டி இயந்திரம் விற்பது வீண் பேச்சு.

கூட்டு வணிக நிறுவனமாகப் பதிவு செய்து இயந்திரம் வாங்கினால் நிலைமை வேறு. அத்தகைய நிறுவனத்திற்கு வரி விலக்கு வரம்பு கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவிகிதம் வரியும், அந்த வரியின் மேல் 4 சதவிகிதம் கூடுதல் தீர்வையும் உண்டு. எனவே தேய்மானத்தின் பயன் முழுமையாகத் தெரிவது இங்கேதான். மன்னார்குடிப் பக்கம் மூன்று விவசாயிகள் இவ்வாறு கூட்டு சேர்ந்து 20 லட்சம் ரூபாய்க்கு ஓர் அறுவடை இயந்திரம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு வரியை 30 சதவிகிதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் தீர்வையைச் சேர்க்க விரும்புவோர் கீழே வரும் வரி மிச்சத் தொகைகளை நூற்றுக்கு நான்கு வீதம் உயர்த்திக்கொண்டால் போதும்.

குறைந்துகொண்டே வரும் தேய்மானம்

இயந்திரத்தின் விலை முழுவதையும் வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுத வரிச் சட்டம் இடம் தருவதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில், பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவிகிதம் என்று தேய்மானம் வகுக்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அச்சட்டத்தின் இடத்திற்கு வரும் வகையில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோதும், மீதி மதிப்பின் மேல் தேய்மானம் கணக்கிடும் முறை விடப்படவில்லை.

இந்த 15 சதவிகிதம் ஒவ்வோர் ஆண்டும் வாங்கிய விலையின் மேல் போடப்படுவதில்லை. சென்ற ஆண்டுத் தேய்மானம் போக எஞ்சிய மதிப்பின் மேல்தான் போடப்படுகிறது. முதல் ஆண்டில் 20 லட்சத்திற்கு 3 லட்சம் தேய்மானம். மீதி 17 லட்சம். இரண்டாம் ஆண்டில் அந்த 17 லட்சத்திற்கு 2,55,000 ரூபாய். மீதி 14,45,000. மூன்றாம் ஆண்டில் 2,16,750 ரூபாய். இப்படியே படிப்படியாகக் குறைந்துகொண்டு போகும். ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் ஏட்டில் 8,87,411 ரூபாய் நிற்கும். பத்து ஆண்டுகள் ஆனாலும் 3,93,749 ரூபாய் கழிக்கப்படாமல் இருக்கும். வயலில் இயந்திரம் பழைய இரும்பாகிவிட்ட பிறகும் ஏட்டில் அது உயிரோடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தேய்மானமாக எழுதும் ஒவ்வொரு ரூபாயும் வரி விதிக்கப்படும் லாபத்தில் ஒரு ரூபாயைக் குறைக்கிறது. ஆகவே 30 காசு வரி மிச்சமாகிறது. முதல் ஆண்டில் 3 லட்சம் தேய்மானத்தால் 90,000 ரூபாய் மிச்சம். இரண்டாம் ஆண்டில் 76,500. மூன்றாம் ஆண்டில் 65,025. நான்காம் ஆண்டில் 55,271. ஐந்தாம் ஆண்டில் 46,981. கடைசிக் காசு வரை எழுதிக்கொண்டே போனால் 20 லட்சத்தில் 30 சதவிகிதம், அதாவது 6 லட்சம் ரூபாய் மிச்சமாகும். விற்பவர் சொன்ன ஆறு லட்சம் இதுதான். ஆனால் அது வந்து சேர முப்பது நாற்பது ஆண்டுகள்கூடப் போதாது.

பின்னால் வரும் ரூபாயின் இன்றைய மதிப்பு

அடுத்த ஆண்டு கைக்கு வரும் 110 ரூபாயும் இன்று கையில் இருக்கும் 100 ரூபாயும், 10 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பவருக்கு ஒன்றுதான். இன்று 100 ரூபாய் இருந்தால் கடனில் கட்டிவிடலாம். அடுத்த ஆண்டு 110 ரூபாய் கட்ட வேண்டியிராது. ஆகவே ஓராண்டு கழித்து மிச்சமாகும் 90,000 ரூபாயை 1.10-ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 81,818 ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் 76,500 ரூபாயை 1.10-ஆல் இருமுறை வகுக்க வேண்டும். அது 63,223 ரூபாய் ஆகும். மூன்றாம் ஆண்டுத் தொகை 48,854 ரூபாய். நான்காம் ஆண்டினது 37,751. ஐந்தாம் ஆண்டினது 29,171. இந்த ஐந்தையும் கூட்டினால் ஏறத்தாழ 2,60,800 ரூபாய் வருகிறது. அதற்கும் பிந்திய எல்லா ஆண்டுகளும் சேர்ந்து இன்றைய மதிப்பில் இன்னும் 99,200 ரூபாய் அளவே தரும். ஆக மொத்தம் 3,60,000 ரூபாய்.

ஆறு லட்சம் என்று சொல்லப்பட்டது 3,60,000 ரூபாய் பெறும். நூற்றுக்கு அறுபது.

இந்த அறுபதைக் கண்டுபிடிக்க ஆண்டுவாரியாகக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தேய்மான விகிதத்தை, அதனோடு வட்டி விகிதத்தையும் கூட்டிய தொகையால் வகுத்தால் போதும். 15-ஐ, 15-ம் 10-ம் சேர்ந்த 25-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 60. மொத்த வரி மிச்சமான 6 லட்சத்தை இதனால் பெருக்கினால் 3,60,000 ரூபாய் வந்துவிடுகிறது.

ஏன் இப்படி அமைகிறது என்பதை ஒரு குட்டையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். குட்டையில் நிற்கும் நீர், இன்னும் எழுதப்படாத வரி மிச்சம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வயலுக்குப் போகும் மடை. அதன் அளவு ஆண்டுக்கு 15. மற்றொன்று கசிவு. அதாவது காத்திருப்பதால் வட்டிக்குப் போவது. அதன் அளவு 10. மடையும் கசிவும் நிற்கும் நீரின் அளவுக்கு ஏற்ப நடப்பதால், வெளியேறும் ஒவ்வொரு 25 பங்கிலும் 15 பங்கு வயலுக்கும் 10 பங்கு மண்ணுக்கும் போகும். குட்டை வற்றும்போது வயல் கண்டிருப்பது நூற்றுக்கு அறுபது.

வட்டி ஏறினால் கசிவு பெருகும். 14 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு இதே இயந்திரத்தின் வரி மிச்சம் 3,10,000 ரூபாய்தான். வங்கியில் கிடைக்காமல் தனியாரிடம் 24 சதவிகிதத்திற்கு வாங்கியவருக்கு 2,31,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆகையால் எந்த வட்டியைக் கணக்கில் வைப்பது என்பதில் விற்பவர் சொல்லைக் கேட்க வேண்டாம். தாம் உண்மையில் கட்டும் வட்டியையே வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்து செல்லும் முறையில் ஆரம்பத்தில் அதிகம் கிடைப்பதால் அதுவே எப்போதும் லாபம் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. விகிதம் 15 ஆக இருக்கும்போது அது சரியல்ல. 20 லட்சத்தைப் பத்து ஆண்டுகளுக்குச் சமமாக, ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் கழிக்க இடம் இருந்திருந்தால், அதே 10 சதவிகித வட்டியில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 3,69,000 ரூபாய் ஆகும். நீண்ட வால் போல இழுபடும் பிந்திய ஆண்டுகள், முன் ஆண்டுகளின் சாதகத்தைச் சாப்பிட்டுவிடுகின்றன. 2005-06 நிதியாண்டுக்கு முன் விகிதம் 25 சதவிகிதமாக இருந்தது. அப்போதைய கணக்கில் இது 4,28,000 ரூபாய்க்கு மேல் பெறும். பழைய ஆட்கள் சொல்லும் கணக்கை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறுவைக்கு வாங்குவதா, சம்பாவுக்கு வாங்குவதா?

மேலே சொன்னது ஏப்ரல் மாதத்தில் வாங்கி, ஆண்டு முழுவதும் பயன்படுத்திய இயந்திரத்திற்குப் பொருந்தும். வாங்கிய நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால், அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் பாதித் தேய்மானமே கிடைக்கும். 15-க்குப் பதில் 7.5 சதவிகிதம். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால், லீப் அல்லாத ஆண்டில் அக்டோபர் 3-ந் தேதிக்குள் பயன்பாட்டுக்கு வந்துவிட்ட இயந்திரத்திற்கு முழுத் தேய்மானம் உண்டு. டெல்டாவில் குறுவை அறுவடைக்கு இறங்கும் இயந்திரம் பெரும்பாலும் தப்பிவிடும். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடைக்கென்று வாங்கும் இயந்திரம் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

பில் போட்ட தேதி மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இயந்திரம் வேலைக்கு வந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் யாருடைய வயலில் எத்தனை மணி ஓடியது என்று எழுதிய குறிப்பேடும், வாடகை ரசீதும், டீசல் பில்லும் இருந்தால் பின்னால் கேள்வி எழும்போது பதில் சொல்ல முடியும்.

பாதித் தேய்மானத்தால் இழப்பு எவ்வளவு? முதல் ஆண்டில் 90,000-க்குப் பதில் 45,000 ரூபாய்தான் மிச்சமாகும். ஆனால் எழுதாமல் விட்டது அழிந்துபோவதில்லை. அது மீதி மதிப்பிலேயே தங்கி, பின் ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கழியும். எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 3,60,000 என்பது 3,43,600 ரூபாயாகக் குறைகிறது. இழப்பு ஏறத்தாழ 16,400 ரூபாய். பலர் நினைப்பதைவிட இது மிகவும் சிறிய தொகை.

இந்தச் சிறிய தொகைக்காக அவசரப்படுவது தவறாக முடியலாம். சம்பா அறுவடைக்கு மட்டுமே வேலை இருக்கும் இடத்தில், முழுத் தேய்மானம் வேண்டும் என்று நான்கு மாதம் முன்னதாக இயந்திரத்தை வாங்கினால், 20 லட்சத்திற்கு 10 சதவிகித வட்டியில் நான்கு மாத வட்டியே 66,667 ரூபாய். 16,400 ரூபாயைக் காப்பாற்ற 66,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தது போலாகும். அத்துடன், வேலை செய்யாமல் கொட்டகையில் நிற்கும் இயந்திரம் பயன்பாட்டில் இருந்ததாக ஒப்புக்கொள்ளப்படுமா என்ற சிக்கலும் சேரும். குறுவையில் உண்மையாகவே வாடகை வேலை கிடைக்கும் என்றால் மட்டும் முன்னதாக வாங்கலாம். அப்போதும் முன்னதாக வாங்கச் சொல்வது அந்த வாடகை வருமானம்தான். தேய்மானம் கூடவே வரும் சிறு லாபம்.

விற்கும் ஆண்டில் வரும் இழப்பு

அறுவடை இயந்திரத்தைக் கடைசி வரை வைத்திருப்பவர்கள் குறைவு. நான்கு ஐந்து பருவம் போனதும், பழுது பார்க்கும் செலவு ஏறத் தொடங்கியதும் விற்றுவிடுகிறார்கள். ஆகவே எழுதாத தேய்மானம் என்ன ஆகும் என்பது முக்கியமான கேள்வி.

வரிச் சட்டம் ஒவ்வோர் இயந்திரத்தையும் தனித்தனியே பார்ப்பதில்லை. ஒரே தேய்மான விகிதம் உள்ள இயந்திரங்களை ஒரே தொகுப்பாகப் பார்க்கிறது. 15 சதவிகித விகிதத்தில் வரும் அறுவடை இயந்திரம், டிராக்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் எல்லாம் ஒரே தொகுப்பு. அவற்றில் ஒன்றை விற்றால், விற்ற தொகை தொகுப்பின் மீதி மதிப்பிலிருந்து கழிக்கப்படும். எஞ்சியது வழக்கம்போல் தேய்ந்துகொண்டு போகும்.

நம் கூட்டு நிறுவனம் ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் இயந்திரத்தை 7 லட்சம் ரூபாய்க்கு விற்கிறது எனக் கொள்வோம். தொகுப்பில் வேறு இயந்திரமும் இருந்தால், 7 லட்சத்தின் மேல் இனி எழுதக்கூடிய தேய்மானம் போய்விடும். அதன் வரி மிச்சம், அன்றைய மதிப்பில் 1,26,000 ரூபாய். வாங்கிய நாளின் மதிப்புக்குக் கொண்டுவந்தால் 78,200 ரூபாய். இதை 3,60,000-லிருந்து கழித்தால், வரி மிச்சத்தின் உண்மையான மதிப்பு 2,81,800 ரூபாய் என்று ஆகிறது.

தொகுப்பில் இருந்தது அந்த ஒரே இயந்திரம்தான் என்றால் நிலைமை மோசம். அதை விற்றதும் தொகுப்பே மறைந்துவிடும். ஏட்டு மதிப்பு 8,87,411. விற்றது 7 லட்சம். இடையில் உள்ள 1,87,411 ரூபாயைத் தேய்மானமாக எழுத முடியாது. அது குறுகிய கால மூலதன நஷ்டம் என்று கருதப்படும். வாடகை லாபத்திலிருந்து அதைக் கழிக்க இயலாது. நிலம், மனை போன்ற மூலதனச் சொத்தை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்திற்கு எதிராக மட்டுமே காட்டலாம். அப்படிப்பட்ட ஆதாயம் ஒரு வாடகை நிறுவனத்திற்கு எங்கிருந்து வரும்? ஐந்து ஆண்டுகளில் கிடைத்த 2,60,800 ரூபாயோடு கணக்கு முடிந்துவிடும். மாறாக, ஏட்டு மதிப்பைவிடக் கூடுதலாக விற்றால், கூடுதல் தொகை ஆதாயமாகி அதற்கு அந்த ஆண்டிலேயே வரி வரும்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. பழையதை விற்ற அதே நிதியாண்டு முடிவதற்குள் புதியதையோ, அதே விகிதத்தில் வரும் வேறு இயந்திரத்தையோ வாங்கிவிட்டால் தொகுப்பு தொடரும். பழைய மீதியோடு புதிய விலை சேர்ந்து, விற்ற 7 லட்சம் கழிந்து, தேய்மானம் தொடர்ந்து நடக்கும். பிப்ரவரியில் பழையதை விற்றுவிட்டு, புதியதை மே மாதம் வாங்கலாம் என்று தள்ளிப்போடுவோர் இடையில் மார்ச் 31 வருவதை மறந்துவிடுகிறார்கள்.

மணி வாடகையில் இது எப்படிப் பாதிக்கும்?

இவ்வளவு கணக்கும் வாடகை எவ்வளவு வாங்குவது என்பதில் போய் முடிகிறது. இயந்திரம் ஐந்தாண்டு உழைத்து 7 லட்சத்திற்கு விற்கப்படுகிறது. அந்த 7 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 4,34,600 ரூபாய். விற்பவர் சொன்னபடி 6 லட்சம் வரியில் திரும்பும் என்று நம்பினால், 20 லட்சத்தில் இரண்டும் போக மீட்க வேண்டியது 9,65,400 ரூபாய். 10 சதவிகித வட்டியுடன் ஐந்து சம ஆண்டுப் பங்காகப் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,54,700 ரூபாய் ஆகும். உண்மையான வரி மிச்சமான 2,81,800 ரூபாயை வைத்துப் பார்த்தால் மீட்க வேண்டியது 12,83,600 ரூபாய். ஆண்டுக்கு 3,38,600 ரூபாய். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 ரூபாய்.

இயந்திரம் ஆண்டுக்கு 400 மணி ஓடுகிறது என்றால் மணிக்கு 210 ரூபாய் குறைகிறது. ஆனால் இந்த 210 ரூபாய் வரி கட்டிய பின் கையில் நிற்க வேண்டிய தொகை. வாடகையாக வாங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 30 காசு வரிக்குப் போவதால், மணிக்கு 300 ரூபாய் வாடகையில் குறைவாக வாங்கியதாகப் பொருள். டீசல், ஓட்டுநர் சம்பளம், பெல்ட், கத்தி மாற்றுவது எல்லாம் இதற்குமேல் தனி. 400 மணி ஓடாத ஆண்டில், மழையால் வயல் சேறாகி இயந்திரம் இறங்க முடியாத ஆண்டில், மணிக்கு விழும் பற்றாக்குறை இன்னும் கூடும்.

கணக்கைக் கெடுக்கும் மேலும் சில விஷயங்கள்

கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்கள், கட்டிய தவணைக்கு மட்டும்தான் தேய்மானம் என்று எண்ணுவது உண்டு. அது சரியல்ல. முழு விலையின் மேலும் தேய்மானம் உண்டு. கடன் வட்டியைத் தனியாகச் செலவில் எழுதலாம். ஆனால் வட்டி அதிகமாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் லாபமே இல்லாமல் போகலாம். அப்போது கழிக்க முடியாத தேய்மானம் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லப்படும். அது வீணாகாது. ஆயினும் காத்திருப்பதற்கு விலை உண்டு. முதல் ஆண்டின் 90,000 ரூபாய் மிச்சம் ஓராண்டு தள்ளிப்போனால் மட்டுமே 7,400 ரூபாய் குறைகிறது.

தேய்மானத்தை இந்த ஆண்டு எழுதாமல் வைத்திருந்து, லாபம் பெருகிய பிறகு எழுதலாம் என்று திட்டமிடவும் முடியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தந்த ஆண்டின் தேய்மானம் கழிந்ததாகவே கொள்ளப்படும். வரவு செலவு ஏடு வைக்காமல், மொத்த வரவில் இத்தனை சதவிகிதம் லாபம் என்று காட்டும் எளிய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இதே கதிதான். அந்தச் சதவிகிதத்திற்குள்ளேயே தேய்மானமும் அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. தனியாகக் கழிவு கிடைக்காது; ஏட்டு மதிப்போ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். வரவு சிறிதாக உள்ளவருக்கு அந்த முறை வசதியானதுதான். ஆனால் அதைத் தேர்ந்துகொண்டு, தேய்மான மிச்சத்தையும் வாடகைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அரசு மானியம் பெற்றால் மானியம் போக எஞ்சிய விலைக்குத்தான் தேய்மானம். 20 லட்சத்தில் 8 லட்சம் மானியமாகக் கிடைத்திருந்தால், 12 லட்சத்தின் மேல் கணக்கிட வேண்டும். 3,60,000 என்பது 2,16,000 ரூபாயாகும். மானியத்தையும் முழு வரி மிச்சத்தையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும் விலைப்பட்டியலைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பங்காளிகளின் சொந்த வயலை நிறுவனத்தின் இயந்திரம் இலவசமாக அறுத்தால், அந்த அளவுக்குத் தேய்மானம் வெட்டப்பட வாய்ப்பு உண்டு. பிறரிடம் வாங்கும் வாடகையையே பங்காளிகளிடமும் வாங்கி ரசீது கொடுத்து, ஏட்டில் வரவு வைப்பது நல்லது.

முன்பணம் கொடுக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, தொழிலுக்கான இயந்திரம் வாங்கும்போது ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அவ்வாறு கொடுத்த தொகை இயந்திரத்தின் விலையில் சேராது. நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது என்று 2 லட்சம் ரூபாயை ரொக்க முன்பணமாகக் கொடுத்தால், அந்த 2 லட்சத்திற்கு எக்காலத்திலும் தேய்மானம் இல்லை. 10 சதவிகித வட்டிக் கணக்கில் இன்றைய மதிப்பில் 36,000 ரூபாய் போய்விடும். அந்தப் பணத்தை முதலில் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டி, அங்கிருந்து கணக்கில் மட்டும் செல்லும் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்தால் இந்த இழப்பு நேராது.